பெயர் மாறிய கம்பெனி, மாறாத பான் எண்

2025 மார்ச் 20-க்குப் பிறகு சொமேட்டோ லிமிடெட் என்ற பெயரில் அந்தக் கம்பெனி இல்லை. சாப்பாடு வரவழைக்கும் செயலி அதே பெயரில் இருக்கிறது, பையைத் தூக்கிக்கொண்டு வருகிறவர் அதே சிவப்புச் சட்டையில்தான் வருகிறார். செயலியை நடத்தும் கம்பெனியின் சட்டப் பெயர் மட்டும் எடர்னல் லிமிடெட் என்று ஆகிவிட்டது. அந்தக் கம்பெனிக்கு இது முதல் பெயர் மாற்றமும் அல்ல. 2010-இல் பதிவானபோது அதன் பெயர் டிசி ஃபுடிபே ஆன்லைன் சர்வீசஸ் பிரைவேட் லிமிடெட். அதற்குப் பிறகு சொமேட்டோ மீடியா பிரைவேட் லிமிடெட், சொமேட்டோ பிரைவேட் லிமிடெட், சொமேட்டோ லிமிடெட் என்று மாறி மாறி வந்து ஐந்தாவதாக எடர்னலில் நிற்கிறது.

ஐந்து பெயருக்கும் உரியது ஒரே கம்பெனிதான் என்பதற்கு என்ன ஆதாரம்? அதன் பில்லிலேயே அச்சாகியிருக்கும் இந்த எண்தான்:

```
L93030DL2010PLC198141
```

கம்பெனி அடையாள எண் என்று இதற்குப் பெயர். ஆடிட்டர்கள் சிஐஎன் என்பார்கள். 21 இடம் கொண்டது. முதல் எழுத்து பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட கம்பெனியா இல்லையா என்பதைச் சொல்லும். அடுத்த ஐந்து இலக்கம் தொழில் வகை. பிறகு மாநிலம், பதிவான ஆண்டு, பிரைவேட்டா பப்ளிக்கா என்பதற்கான மூன்று எழுத்து. கடைசி ஆறு இலக்கம் பதிவு எண். கம்பெனி பப்ளிக் ஆனபோதும் பங்குச் சந்தைக்கு வந்தபோதும் நடுவிலும் முன்னாலும் எழுத்துகள் மாறின. கடைசி ஆறு இலக்கம் அப்படியே இருந்தது. பான் எண்ணில் இன்னும் சுவையான ஒன்று உண்டு. பானின் ஐந்தாவது எழுத்து, கம்பெனியின் பெயரில் முதல் எழுத்து. எடர்னலின் பானில் அந்த இடத்தில் இன்றும் இருப்பது D, அதாவது முதல் பெயரான டிசி ஃபுடிபேயின் முதல் எழுத்து. பெயர் எத்தனை முறை மாறினாலும் வருமான வரித்துறை பான் எண்ணை மாற்றுவதில்லை.

பெரிய கம்பெனி பெயர் மாற்றினால் பேப்பரில் வரும். உங்கள் கடைக்குச் சரக்கு அனுப்பும் சிறிய கம்பெனி மாற்றினால் ஒரு கடிதம்தான் வரும்: "எங்கள் கம்பெனியின் பெயர் மாறியுள்ளது. இனி இன்வாய்ஸ்களும் ஒப்பந்தங்களும் புதிய பெயரில் வரும்." கணக்குப் பார்ப்பவர் அதைப் படித்தவுடன் கேள்விகள் வரிசையாக வரும். பழைய பாக்கியை யாருக்குக் கட்டுவது? போட்ட ஒப்பந்தம் செல்லுமா? புதிய பெயரில் வந்த பில்லுக்கு உள்ளீட்டு வரி வரவு கிடைக்குமா? நல்ல அறிவிப்புக் கடிதம் என்றால் இந்தக் கேள்விகளுக்கெல்லாம் ஒரே பக்கத்தில் பதில் இருக்கும். பல கடிதங்கள் புதிய லோகோவின் பெருமையைப் பேசிவிட்டு முடிந்துவிடுகின்றன.

எந்த நாள் முதல் புதிய பெயர்?

கடிதத்தில் முதலில் தேட வேண்டியது தேதி. போர்டு தீர்மானம் போட்ட தேதியோ, புதிய பலகை மாட்டிய தேதியோ இங்கே உதவாது.

2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 13-ஆம் பிரிவின்படி பெயர் மாற்றத்துக்குப் பங்குதாரர்களின் சிறப்புத் தீர்மானம் வேண்டும். எதிர்த்து விழும் வாக்கைப்போல் குறைந்தது மூன்று மடங்கு ஆதரவாக விழ வேண்டும். அதற்கு முன்பே புதிய பெயரைப் பதிவாளரிடம் கேட்டு ஒதுக்கி வைத்துக்கொள்வார்கள். ஏற்கெனவே இயங்கும் கம்பெனிக்கு அந்த ஒதுக்கீடு 60 நாள் நிற்கும். தீர்மானம் நிறைவேறியதும் ஐஎன்சி-24 என்ற படிவத்தில் விண்ணப்பம் போகும். ஆண்டறிக்கை தாக்கல் செய்யாமல் பாக்கி வைத்திருக்கும் கம்பெனிக்குப் பெயர் மாற்ற அனுமதி கிடைக்காது. எல்லாம் சரியாக இருந்தால் பதிவாளர் பழைய பெயரை நீக்கிப் புதிய பெயரை ஏட்டில் ஏற்றி, புதிய பதிவுச் சான்றிதழ் தருவார். அந்தச் சான்றிதழ் வழங்கப்படும்போதுதான் மாற்றம் முழுமையடைகிறது என்று சட்டமே சொல்கிறது.

ஆகவே சான்றிதழில் இருக்கும் தேதிதான் கோடு. அதற்கு முந்தைய நாள் வரை போட்ட பில் பழைய பெயரில் இருப்பது சரி. அன்று முதல் போடும் பில் புதிய பெயரில் இருக்க வேண்டும். கடிதத்தோடு சான்றிதழின் நகல் வரவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள்.

உரிமையும் கடனும் நகர்வதில்லை

அரசிதழில் அறிவித்துப் பெயரை மாற்றிக்கொண்டவர், பழைய பெயரில் வாங்கிய கடனைக் கட்ட வேண்டியதில்லை என்று சொல்ல முடியுமா? கம்பெனிக்கும் அதே நியாயம்தான். பெயர் மாற்றத்தால் கம்பெனியின் உரிமைகளோ கடமைகளோ பாதிக்கப்படா, அதன்மேல் நடக்கும் வழக்கும் பழுதாகாது, பழைய பெயரில் தொடங்கியதைப் புதிய பெயரில் தொடரலாம் என்று 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு வெளிப்படையாகவே எழுதிவைத்திருந்தது. இன்றைக்கும் கொள்கை அதுதான்.

இதிலிருந்து வாடிக்கையாளருக்குக் கிடைக்கும் பதில் எளியது. ஓடிக்கொண்டிருக்கும் ஒப்பந்தத்தை மறுபடி கையெழுத்திட வேண்டாம். ஒப்புக்கொண்ட விலை, கெடு, கடன் நாட்கள், உத்தரவாதம், தகராறு வந்தால் எந்த ஊர் நீதிமன்றம் என்பது, எல்லாமே எழுதியபடி தொடரும். நீங்கள் தர வேண்டிய பாக்கி அதே கம்பெனிக்குத்தான். உங்களுக்கு அவர்கள் தர வேண்டியதும் அதே கம்பெனியிடமிருந்துதான். "அந்த உத்தரவாதம் பழைய கம்பெனி கொடுத்தது, எங்களுக்குத் தெரியாது" என்று அவர்கள் கைகழுவ முடியாது. இதே சந்தர்ப்பத்தில் "புதிய பெயரில் புதுசா ஒரு ஒப்பந்தம் போட்டுவிடலாம்" என்று ஒரு தாள் நீட்டப்பட்டால், பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து வரிவரியாகப் படித்துவிட்டுத்தான் பேனாவை எடுக்க வேண்டும். பெயர் மாற்றத்துக்கு அந்தத் தாள் தேவையில்லை. அதில் விலையோ கெடுவோ மாறியிருந்தால் அது வேறு பேச்சு.

எண்களிலும் இதே கதைதான். பான் அதே எண். அட்டையில் மட்டும் பெயர் திருத்தப்படும். ஜிஎஸ்டி எண்ணின் 15 இடங்களில் முதல் இரண்டு மாநிலக் குறியீடு, தமிழ்நாடு என்றால் 33. அடுத்த பத்தும் அப்படியே பான் எண். பான் மாறாதபோது ஜிஎஸ்டி எண்ணும் மாறாது. வங்கிக் கணக்கு எண்ணும் ஐஎஃப்எஸ்சி குறியீடும் தொடரும்; கணக்கின் பெயரை மட்டும் வங்கி திருத்திக் கொடுக்கும்.

பில்லில் ஒரு இடைக்காலம்

சிக்கல் வருவது, இந்தத் திருத்தங்கள் ஒரே நாளில் நடக்காததால்தான். சான்றிதழ் வந்த பிறகு முதலில் பானில் பெயர் மாற வேண்டும். ஜிஎஸ்டி தளம் கம்பெனியின் சட்டப் பெயரைப் பான் பதிவோடு ஒப்பிட்டுப் பார்க்கும். ஆகவே பான் திருந்தாமல் ஜிஎஸ்டி திருந்தாது. மாற்றம் நடந்த 15 நாளுக்குள் ஜிஎஸ்டியில் திருத்தத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. சட்டப் பெயர் முக்கிய விவரங்களில் ஒன்று என்பதால் அதிகாரி பார்த்து ஒப்புதல் தர வேண்டும். வங்கி இந்தத் தாள்களையெல்லாம் கேட்ட பிறகுதான் கணக்கின் பெயரை மாற்றும்.

இந்த இடைவெளியில் வாடிக்கையாளர் காண்பது இதுதான்: பில்லில் புதிய பெயர், ஜிஎஸ்டி தளத்தில் தேடினால் பழைய பெயர், பணம் அனுப்பப் போனால் வங்கியிலும் பழைய பெயர். இதைப் பார்த்துப் பயந்து பில்லை நிறுத்திவைக்கும் கணக்கர்கள் உண்டு. இதற்கு மருந்தாகச் சட்டமே ஒரு வழி வைத்திருக்கிறது. 12-ஆம் பிரிவின்படி, பெயர் மாற்றிய கம்பெனி இரண்டு ஆண்டுக்குப் புதிய பெயரோடு பழைய பெயரையும் சேர்த்தே அச்சிட வேண்டும். அலுவலகப் பலகை, கடிதத்தாள், பில், அறிவிப்பு எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். தவறினால் நாளொன்றுக்கு ஆயிரம் ரூபாய் வீதம், அதிகபட்சம் ஒரு லட்சம் வரை அபராதம். பில்லில் புதிய பெயருக்குக் கீழே "முன்பு இன்ன பெயர்" என்ற வரி இருந்தால் கணக்கர் இரண்டையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ள முடியும். அந்த வரி இல்லாமல் புதிய பெயர் மட்டும் வந்தால், அனுப்பியவர் விதியை மறந்துவிட்டார் என்று அர்த்தம், சுட்டிக்காட்டலாம்.

வரி வரவு போய்விடுமோ என்ற பயத்துக்கும் காரணமில்லை. விற்றவர் தாக்கல் செய்த பில்லை உங்கள் கணக்கோடு ஜிஎஸ்டி தளம் சேர்ப்பது ஜிஎஸ்டி எண்ணையும் பில் எண்ணையும் வைத்து. மின்னணு இன்வாய்ஸுக்குக் கிடைக்கும் 64 எழுத்துப் பதிவு எண்ணும் விற்பவரின் ஜிஎஸ்டி எண், நிதியாண்டு, ஆவண வகை, ஆவண எண் ஆகிய நான்கிலிருந்துதான் உருவாகிறது. பெயருக்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை.

ஒரு கொள்முதல் எப்படி இந்தக் கோட்டைத் தாண்டுகிறது என்று பார்ப்போம். கோவையில் பம்புக்கு இம்பெல்லர் வார்க்கும் ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனி, ஈரோட்டில் அதை வாங்கும் ஒரு கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 28-இல் 500 இம்பெல்லருக்குக் கடை ஆர்டர் போடுகிறது. மே 20-இல் 300 வந்து சேர்கிறது, பழைய பெயரில் பில். ஜூன் 12-இல் கம்பெனிக்குப் புதிய பெயரில் சான்றிதழ் கிடைக்கிறது. மீதி 200 ஜூன் 25-இல் வருகிறது, புதிய பெயரில் பில். ஆர்டர் பழைய பெயரில், பில் புதிய பெயரில். ஆர்டரையும் பில்லையும் பெயரை வைத்து ஒப்பிடும் கணினி இங்கேதான் முரண்டு பிடிக்கும். ஆர்டரை ரத்து செய்து புதிதாகப் போட வேண்டியதில்லை. பில்லில் ஆர்டர் எண் குறிக்கப்பட்டிருக்க வேண்டும்; கடை தன் கணினியில் சப்ளையரின் பெயரை மட்டும் திருத்தினால் போதும். புதிய சப்ளையராக இன்னொரு கணக்குத் திறந்துவிட்டால்தான் ஆபத்து. பழைய கணக்கில் பாக்கி, புதிய கணக்கில் பணம் என்று பிரிந்து, ஒரே பில்லுக்கு இரண்டு முறை பணம் போவதும் இப்படித்தான் நடக்கிறது.

மே மாதம் வந்த 300-இல் 15 இம்பெல்லரில் வார்ப்பு ஓட்டை இருந்து, ஜூலையில் திருப்பி அனுப்புகிறார்கள் என்றால்? அதற்கான வரவுக் குறிப்பைக் கம்பெனி புதிய பெயரில் தரும். அதில் மே 20 பில்லின் எண்ணும் தேதியும் இருக்கும். மே மாதப் பில் மட்டும் என்றென்றைக்கும் பழைய பெயரிலேயே இருக்கும். அது வெட்டப்பட்ட நாளில் கம்பெனியின் பெயர் அதுதானே. "பழைய பில்லையெல்லாம் ரத்து செய்து புதிய பெயரில் போட்டுத் தாருங்கள்" என்று சில வாடிக்கையாளர்கள் கேட்பதுண்டு. தாக்கல் முடிந்த மாதத்தின் பில்லைக் கலைத்தால் இரண்டு தரப்புக் கணக்கும் குழம்பும். பலன் எதுவும் இல்லை.

பில் எண் வரிசையிலும் கை வைக்காமல் இருப்பது நல்லது. பல கம்பெனிகள் பெயரின் முதல் எழுத்துகளைப் பில் எண்ணின் முன்னால் போட்டிருக்கும். பெயர் மாறிய உடன் அந்த எழுத்துகளை மாற்றி ஒன்றிலிருந்து தொடங்க ஆசை வரும். 16 இடத்துக்குள், ஒரு நிதியாண்டில் ஒரே எண் இருமுறை வராமல் இருக்க வேண்டும் என்பதுதான் விதி. புதிய வரிசை தொடங்குவது தடை இல்லை. ஆனாலும் மார்ச் 31 வரை பழைய வரிசையையே ஓட்டிவிட்டு ஏப்ரலில் மாற்றினால் இரண்டு தரப்புக்கும் தலைவலி மிச்சம்.

சரக்கு லாரியில் போகும்போது இ-வே பில்லில் ஜிஎஸ்டி தளத்தின் பழைய பெயர் காட்டலாம், கையில் இருக்கும் இன்வாய்ஸில் புதிய பெயர் இருக்கும். அந்தச் சில வாரங்களுக்கு ஓட்டுநரிடம் சான்றிதழின் நகல் ஒன்றைக் கொடுத்தனுப்பினால் வழியில் விளக்கம் சொல்ல எளிது.

ஒப்பந்த மாதிரிகளில் எங்கே கை வைப்பது

போட்ட ஒப்பந்தம் தொடரும் என்றோம். இனி போடப்போகும் ஒப்பந்தத்துக்கான மாதிரி வடிவம் புதிய பெயரில் இருக்க வேண்டும். கம்பெனிகள் பெரும்பாலும் செய்வது, கணினியில் பழைய பெயரைத் தேடி எல்லா இடத்திலும் புதிய பெயரைப் போடச் சொல்வது. இதில் இரண்டு பக்கமும் பிழை வரும்.

மாற்றக் கூடாத இடம் மாறிவிடுவது ஒரு பக்கம். "2019-இல் இரு தரப்பும் செய்துகொண்ட முதன்மை ஒப்பந்தத்தின்படி" என்று பழைய ஆவணத்தைச் சுட்டும் வரியில் பழைய பெயர்தான் இருக்க வேண்டும். புதிய பெயரைப் போட்டுவிட்டால் அப்படி ஓர் ஆவணத்தை யாராலும் காட்ட முடியாது. மாற வேண்டிய இடம் தப்பிவிடுவது இன்னொரு பக்கம். பக்கத்தின் மேலே படமாகச் செருகப்பட்ட லோகோவைத் தேடுபொறி படிக்காது. கையெழுத்துப் பகுதி, பின்னிணைப்பு, அடிக்குறிப்பு, அறிவிப்பு அனுப்ப வேண்டிய மின்னஞ்சல் முகவரி ஆகியவற்றில் பழையது ஒட்டிக்கொண்டிருக்கும். டிஜிட்டல் கையெழுத்துக்குள் இருக்கும் நிறுவனப் பெயர், சான்றைப் புதுப்பிக்கும்வரை பழையதாகவே காட்டும். பழைய பெயரில் வாங்கிவைத்த முத்திரைத்தாளையும் ரப்பர் ஸ்டாம்பையும் ஒதுக்கிவைக்க வேண்டும்.

தரப்பினரை அறிமுகப்படுத்தும் முதல் பத்தியில் பெயரோடு சிஐஎன்னையும் சேர்த்துவிட்டால் பாதிக் குழப்பம் தீரும். "இன்ன பிரைவேட் லிமிடெட் (12.06.2025-க்கு முன் இன்ன பிரைவேட் லிமிடெட் என்ற பெயர் கொண்டது), சிஐஎன் இன்னது" என்ற ஒரு வரி போதும். பெயர் இன்னொரு முறை மாறினாலும் யாரைப் பற்றிய ஒப்பந்தம் என்பதில் சந்தேகம் வராது.

மாற்றத்துக்குப் பிறகு மறந்துபோய்ப் பழைய பெயரிலேயே ஓர் ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டால், அதற்காக அது செல்லாக் காசாகிவிடாது. யார் யாருக்கிடையே என்பது தெளிவாக இருக்கும்வரை அது பெயர்ப் பிழைதான். சிறு திருத்த ஆவணம் ஒன்று இரு தரப்பும் கையெழுத்திட்டு இணைத்துவிடலாம். வங்கி உத்தரவாதமும் காப்பீடும் வேறு. அவற்றை வழங்கியவர் மூன்றாம் தரப்பு. எழுதியிருக்கும் பெயரைப் பார்த்துத்தான் பணம் தருவார்கள். ஆகவே வங்கியிடமிருந்து திருத்தக் கடிதமும், காப்பீட்டுக் கம்பெனியிடமிருந்து பெயர் மாற்றக் குறிப்பும் கேட்டு வாங்கிக் கோப்பில் சேர்த்தே ஆக வேண்டும்.

கடிதம் எப்படி இருக்க வேண்டும்

மேலே சொன்ன கோவைக் கம்பெனி தன் வாடிக்கையாளர்களுக்கு எழுதுவதாக ஒரு மாதிரி:

"அன்புடையீர், எங்கள் கம்பெனியின் பெயர் 12.06.2025 முதல் (பழைய பெயர்) என்பதிலிருந்து (புதிய பெயர்) என மாறியுள்ளது. கம்பெனிப் பதிவாளர் வழங்கிய சான்றிதழின் நகலை இணைத்துள்ளோம்.

மாறுபவை: இன்வாய்ஸ், வரவுக் குறிப்பு, டெலிவரி சலான், கடிதத்தாள், புதிய ஒப்பந்தங்கள் ஆகியவற்றில் புதிய பெயர் இருக்கும். இரண்டு ஆண்டுக்குப் பழைய பெயரும் அதன் கீழே அச்சாகும்.

மாறாதவை: சிஐஎன், பான், ஜிஎஸ்டி எண், பதிவு அலுவலக முகவரி, வங்கிக் கணக்கு எண், ஐஎஃப்எஸ்சி, உங்களோடு பேசிவரும் எங்கள் ஊழியர்கள், அவர்களின் தொலைபேசி எண்கள். இப்போதுள்ள ஒப்பந்தங்களும் ஆர்டர்களும் விலையும் கடன் நாட்களும் அப்படியே தொடரும். மறுபடி கையெழுத்திடத் தேவையில்லை. 12.06.2025-க்கு முன் போட்ட இன்வாய்ஸ்கள் பழைய பெயரிலேயே செல்லும்.

இடைக்காலம்: பான், ஜிஎஸ்டி, வங்கி ஆகிய பதிவுகளில் பெயர் மாற்றம் நடந்துவருகிறது. முடியும்வரை அங்கே பழைய பெயர் தெரியலாம். ஒவ்வொன்றும் முடிந்ததும் தெரிவிப்போம்.

நீங்கள் செய்ய வேண்டியது: உங்கள் கணக்கில் எங்கள் பெயரை மட்டும் திருத்துங்கள், புதிய கணக்குத் திறக்க வேண்டாம். இனி போடும் ஆர்டர்களைப் புதிய பெயரில் போடுங்கள். எங்கள் வங்கிக் கணக்கு எண் மாறியதாக யாராவது சொன்னால் பணம் அனுப்புமுன் உங்களிடம் ஏற்கெனவே உள்ள எங்கள் எண்ணில் அழைத்துக் கேளுங்கள்."

"மாறாதவை" என்ற பத்தி "மாறுபவை"யைவிட நீளமாக இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். வாடிக்கையாளரின் கவலை முழுக்க அந்தப் பக்கத்தில்தான். முகவரியும் ஜிஎஸ்டி எண்ணும் மாறவில்லை என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லாமல், உண்மைக் கடிதத்தில் அந்த எண்களையே முழுதாக எழுத வேண்டும். கணக்கர் தன் பழைய பில்லை எடுத்து எண்ணுக்கு எண் ஒத்துப்பார்ப்பார்.

வங்கிக் கணக்கு மாறினால்

கடிதத்தின் கடைசி வரி சும்மா சேர்த்ததல்ல. பெயர் மாற்றம் மோசடிக்காரர்களுக்கு நல்ல வாய்ப்பு. உண்மையான அறிவிப்பு வந்த சில நாளில், அதே லோகோவோடு, ஒரே ஓர் எழுத்து வேறுபட்ட மின்னஞ்சல் முகவரியிலிருந்து இன்னொரு கடிதம் வரும்: "பெயர் மாறியதால் புதிய வங்கிக் கணக்குத் தொடங்கியுள்ளோம், இனி இதில் செலுத்துங்கள்." முதல் கடிதத்தை நம்பியவர் இதையும் நம்பிவிடுவார்.

பெயர் மாறினால் வங்கிக் கணக்கு எண் மாற வேண்டிய அவசியமில்லை என்பது தெரிந்திருந்தால் இங்கேயே நின்றுவிடலாம். நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் வழியாகப் போகும் பணம் கணக்கு எண்ணை வைத்துத்தான் சேரும். பெயர் பொருந்துகிறதா என்று பெறும் வங்கி பார்த்து நிறுத்தும் என்று நம்ப முடியாது. அதனால்தான் பெறுபவரின் பெயரை முன்கூட்டியே காட்டும் வசதியை 2025 ஏப்ரல் 1-க்குள் கொண்டுவர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சொன்னது. கணக்கு எண்ணைப் போட்டதும் திரையில் வரும் பெயர், பழைய பெயராகவோ புதிய பெயராகவோ இருந்தால் சரி. மூன்றாவதாக ஒரு பெயர் வந்தால் பணத்தை அனுப்பாதீர்கள்.

கம்பெனி உண்மையிலேயே வங்கி மாற்றியிருக்கவும் கூடும். அப்போதும் சரிபார்க்கும் வழி ஒன்றுதான். கடிதத்தில் அச்சாகியிருக்கும் எண்ணை விட்டுவிட்டு, ஓராண்டுக்கு முந்தைய பில்லில் இருக்கும் எண்ணில், நீங்கள் வழக்கமாகப் பேசுகிறவரை அழையுங்கள்.

காசோலை தருபவர்களுக்கு ஒரு குறிப்பு. காசோலை மூன்று மாதம்தான் செல்லும். பழைய பெயருக்கு எழுதிக் கொடுத்தது இன்னும் வங்கியில் போடப்படாமல் இருந்தால், அவர்களின் வங்கி பழைய பெயரில் ஏற்குமா என்று கேட்டுக்கொண்டு, வேண்டுமானால் திரும்ப வாங்கிப் புதிய பெயருக்கு எழுதிக் கொடுங்கள்.

பெயர் மட்டும்தான் மாறியதா?

"பெயர் மாறியுள்ளது" என்ற தலைப்போடு வரும் எல்லாக் கடிதமும் பெயர் மாற்றக் கடிதம் அல்ல. நம் ஊரில் அதிகம் பார்ப்பது இது: ஒருவர் தன் பெயரில் தனி உரிமையாளராகத் தொழில் செய்துகொண்டிருப்பார். தொழில் வளர்ந்ததும் பிரைவேட் லிமிடெட் ஒன்றைப் பதிவு செய்து வியாபாரத்தை அதற்கு மாற்றுவார். கடை அதே இடம், முதலாளி அதே ஆள், பெயரின் வாலில் இரண்டு சொல் மட்டும் கூடியிருக்கும். வாடிக்கையாளர்களுக்குப் போகும் கடிதமும் "பெயர் மாற்றம்" என்றே சொல்லும். சட்டத்தின் கண்ணில் இங்கே ஆளே மாறிவிட்டார்.

இதைக் கண்டுபிடிக்கப் பானின் நான்காவது எழுத்தைப் பாருங்கள். தனிநபர் என்றால் P, கம்பெனி என்றால் C, கூட்டாண்மையோ எல்எல்பியோ என்றால் F. ஜிஎஸ்டி எண்ணுக்குள்ளேயே பான் இருப்பதால், பழைய பில்லையும் புதிய பில்லையும் பக்கத்தில் வைத்தால் போதும். ஜிஎஸ்டி எண்ணில் ஆறாவது இடம் அது. அங்கே P இருந்த இடத்தில் C வந்திருந்தால் பான், ஜிஎஸ்டி எண், வங்கிக் கணக்கு எல்லாம் புதிது. பழைய பாக்கி யாருக்கு, பழைய உத்தரவாதத்துக்கு யார் பொறுப்பு என்பதெல்லாம் தானாகத் தொடராது. இரண்டு பேரும் நீங்களும் சேர்ந்து எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். கணினியிலும் புதிய சப்ளையராகத்தான் திறக்க வேண்டும்.

மேலே பெரிய கம்பெனி ஒன்று புதிதாக வருவது இன்னொரு வகை. 2015-இல் ஆல்ஃபபெட் உருவானபோது கூகுள் அதன் கீழே போனது. கூகுளோடு ஒப்பந்தம் போட்டவர்களுக்கு எதிர்த்தரப்பு கூகுளாகவே இருந்தது. 2021-இல் ஃபேஸ்புக் கம்பெனி மெட்டா பிளாட்ஃபார்ம்ஸ் ஆனபோது நடந்தது பெயர் மாற்றம். தளத்தின் பெயர் மட்டும் ஃபேஸ்புக்காகவே தங்கிவிட்டது. வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே தெரியும்.

சந்தேகம் தீர்க்கச் செலவில்லாத இடங்கள் இரண்டு உண்டு. கம்பெனி விவகார அமைச்சகத்தின் mca.gov.in தளத்தில் சிஐஎன்னைப் போட்டால் கம்பெனியின் இன்றைய பெயரும் நிலையும் வரும். gst.gov.in தளத்தில் ஜிஎஸ்டி எண்ணைப் போட்டால் சட்டப் பெயரும் வர்த்தகப் பெயரும் தனித்தனியாக வரும். முதலாவதில் புதிய பெயரும் இரண்டாவதில் பழைய பெயரும் தெரிந்தால் இடைக்காலம் நடக்கிறது என்று பொருள். முதலாவதிலேயே பழைய பெயர் நின்றால் மாற்றம் இன்னும் நடக்கவில்லை, கடிதம் அவசரப்பட்டுவிட்டது.

இரண்டு ஆண்டு கழிந்ததும் பில்லிலிருந்து "முன்பு இன்ன பெயர்" என்ற வரியை எடுத்துவிடச் சட்டம் அனுமதிக்கிறது. உங்கள் கோப்பிலிருந்து அந்தக் கடிதத்தையும் சான்றிதழ் நகலையும் அப்போது தூக்கிப்போடாதீர்கள். ஜிஎஸ்டி கணக்குப் புத்தகங்களை, அந்த ஆண்டறிக்கைக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். கம்பெனிகள் தங்கள் கணக்கை எட்டு ஆண்டு வைத்திருக்க வேண்டும். ஐந்து ஆண்டு கழித்து வரும் தணிக்கையாளர் மே மாதப் பில்லையும் ஜூன் மாதப் பில்லையும் எடுத்து வைத்துக்கொண்டு "இது இரண்டு பேரா, ஒருவரா?" என்று கேட்டால், அன்றைக்கு இருக்கும் கணக்கருக்குப் பழைய பெயரே தெரிந்திருக்காது. கடிதத்தைத் தனிக் கோப்பில் வைக்காமல் அந்த சப்ளையரின் ஒப்பந்தத்தோடு சேர்த்துக் குத்திவையுங்கள். தேடுகிறவர் முதலில் திறப்பது அதைத்தான்.